கடன் அட்டை நிலுவை: மேல்வட்டியை நிறுத்தி மாதத் தவணையில் கட்ட அனுமதி கோரி

17.03.2025
செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பெறுநர்:
மேலாளர், கடன் அட்டை வசூல் மற்றும் தவணைச் சீரமைப்புப் பிரிவு

அட்டையின் கடைசி நான்கு எண்கள்: 4417

ஐயா/அம்மா,

மார்ச் 10 பில்லின்படி என் அட்டையில் நிலுவை 1,68,169 ரூபாய். இதில் அசல் 1,52,300, இரண்டு மாத வட்டி 10,848, தாமதக் கட்டணம் 2,600, இவற்றுக்கான ஜிஎஸ்டி 2,421. கணக்கில் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை. அசலில் பெரும்பகுதி, அக்டோபரில் அப்பாவுக்கு நடந்த இடுப்பெலும்பு அறுவைக்காக ஆஸ்பத்திரியில் தேய்த்த தொகை.

டிசம்பர் பில் வரை குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டினேன். ஜனவரி 30-லும் மார்ச் 2-லும் கட்ட வேண்டியதைக் கட்ட முடியவில்லை. நான் கூலிக்குக் கொலுசு செய்பவன். வெள்ளி விலை ஏறியதும் வியாபாரிகள் பட்டறைக்குக் கொடுக்கும் வெள்ளியைக் குறைத்துவிட்டார்கள். எடைக்குக் கூலி என்பதால், வெள்ளி குறைந்தால் வருமானமும் அப்படியே குறையும். மாதம் 31,000 வந்த இடத்தில் இப்போது 21,500 வருகிறது. மனைவியின் தையல் வருமானம் 4,900. வீட்டு வாடகை 6,500, மளிகையும் கேஸும் 7,800, பள்ளிக் கட்டணமும் வேனும் 2,400, அப்பாவின் மருந்து 1,800, கரண்ட் பில்லும் போனும் 1,200 என 19,700 போக, 6,700 மிஞ்சுகிறது. என்னால் கட்ட முடிவது 6,450. இதற்கு மேல் ஒப்புக்கொண்டு மூன்றாம் மாதம் தவறினால் உங்களுக்கும் எனக்கும் பயனில்லை.

இப்போதைய மாத வட்டி 3.5 சதவீதம். அடுத்த பில்லில் வட்டி மட்டும் 5,710, ஜிஎஸ்டி 1,028, ஆக 6,738. அதாவது நான் 6,450 கட்டினாலும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அதனால்தான் தவணையோடு வட்டிச் சலுகையும் கேட்கிறேன்.

என் கோரிக்கை: மார்ச் 10-க்குப் பிறகு வட்டி போடுவதை நிறுத்தி, தாமதக் கட்டணம் 2,600-ஐயும் அதற்கான ஜிஎஸ்டி 468-ஐயும் தள்ளுபடி செய்ய வேண்டும். ஏற்கெனவே பில்லில் ஏறிய வட்டியை முழுதாகக் கட்டிவிடுகிறேன். அப்போது கட்ட வேண்டியது 1,65,101. ஏப்ரல் 7 முதல் ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதி 6,450 வீதம் 25 தவணை, 26-ஆவது தவணை 3,851.

வட்டியை அடியோடு நிறுத்த உங்கள் விதி இடம் தராவிட்டால், அதே 1,65,101-க்கு மாதம் 1 சதவீத வட்டியில் 36 தவணையாக மாற்றித் தாருங்கள். தவணை 5,484 வரும். முதல் மாதம் ஜிஎஸ்டி 297 சேர்த்தாலும் 5,781 என்பதால் தாங்கும். மொத்தத்தில் எனக்கு 32,000-க்கு மேல் கூடுதல் செலவு என்பதால் இது இரண்டாவது விருப்பம்தான். எதுவானாலும் தவணையாக மாற்றுவதற்குத் தனிக் கட்டணமும், முன்கூட்டியே முடித்தால் அபராதமும் வேண்டாம்.

தவணை முடியும்வரை அட்டையை முடக்கி வைக்கலாம். ஆட்டோ டெபிட்டுக்கும் சம்மதம். ஆனால் தேதி 7-ஆகவே இருக்கட்டும். அதற்கு முன் கணக்கில் பணம் இருக்காது, திரும்பினால் வங்கி வேறு அபராதம் போடும்.

ஒன்றை மட்டும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். அசலையும் வட்டியையும் முழுதாகக் கட்டுவதால், முடிவில் கடன் தகவல் அறிக்கையில் ‘க்ளோஸ்டு’ என்று பதிய வேண்டும், ‘செட்டில்டு’ என்று அல்ல. தாமதக் கட்டணத் தள்ளுபடியால்தான் ‘செட்டில்டு’ ஆகும் என்றால் அந்தத் தள்ளுபடியே வேண்டாம். 3,068 ரூபாயையும் சேர்த்துக் கட்டிவிடுகிறேன். கடைசித் தவணை 6,919 ஆகட்டும்.

வசூல் ஆட்கள் பட்டறை முதலாளிக்குப் போன் செய்வதை நிறுத்தச் சொல்லுங்கள். அவர் ஜாமீன்தாரர் அல்ல. என் எண்ணுக்குக் காலை 8 முதல் மாலை 7 வரை அழைக்கலாம், எடுப்பேன். போனில் பேசி முடிக்கும் ‘ஒரே தடவை செட்டில்மென்ட்’ எதற்கும் நான் சம்மதிக்கவில்லை.

முதல் பாக்கிக்கு ஏப்ரல் 30-இல் 90 நாள் ஆகிவிடும். கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன், ஏப்ரல் 5-க்குள் எழுத்துப்பூர்வ பதில் வந்தால் முதல் தவணையை 7-ஆம் தேதியே கட்டிவிடுவேன். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனிடம் முறையிட வேண்டியிருக்கும். அதற்காகவே இதை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலும், பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்தும் அனுப்புகிறேன்.

இணைப்பு: ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, பட்டறைக் கூலிச் சீட்டுகள், ஆஸ்பத்திரி பில், மூன்று மாத அட்டைப் பில்கள்.

இப்படிக்கு,
4417 எண் அட்டைதாரர்