துர்கா கல்யாணம்: என்ர ஸ்டேட்டஸ் வரிசை

முதல் நாள் இரவு
மெஹந்தி காயுமட்டும் துர்கா ஃபோன் தொடமாட்டாள். வாழ்த்தெல்லாம் எனக்கு அனுப்புங்கோ, வாசிச்சுக் காட்டுறன்.

விடிய 4.30
எழும்படி பொம்பிளை! அலங்கரிக்கிற அக்கா வந்திட்டா. உன்ர அம்மா எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தி ஊத்திக் களைச்சிட்டா.

பழைய படத்தோட
வெள்ளவத்தை ராமகிருஷ்ண வீதியில எனக்குச் சைக்கிள் பழக்கினவள். தள்ளி விழுத்தினதும் இவள்தான். இண்டைக்கு மணப்பெண். சந்தோஷமா இரடி.

நகை செட்டியார் தெரு, பூ கொட்டாஞ்சேனை, வாய் மட்டும் அசல் வெள்ளவத்தை. என்ர துர்கா!

வாகனத்தில
காலி வீதியே, இண்டைக்கு ஒருநாள் வழி விடு. 100 பஸ் அண்ணாமாரே, உங்களையும்தான். பொம்பிளை வாறா!

பம்பலப்பிட்டி, மண்டப வாசல்
மழை! சின்னனில களவா அரிசி திண்டவள் யாரெண்டு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிட்டுது, துர்கா.

தம்பியார் மாப்பிள்ளைக்குக் கால் கழுவுறார். மோதிரம் விரலில ஏறினவுடன அவற்ற முகத்தைப் பாருங்கோ!

மாப்பிள்ளைக்கு
சுதன் அண்ணா, இவளுக்குக் கோபம் வந்தா கொஞ்சநேரம் பேசாமல் இருங்கோ, தானா அடங்கும். எங்கட பிள்ளை, கவனம்.

கூறை மாத்த உள்ளுக்குப் போயிருக்கிறாள். ஊசி காணாதாம். ஆரிட்டயும் இருந்தா ஓடி வாங்கோ!

10.30
கெட்டிமேளம்! தாலி ஏறியாச்சு. அழமாட்டன் எண்டு ஐந்நூறு ரூபா பந்தயம் கட்டினன். தோத்திட்டன். வாழ்கடி!

ஸ்காபரோவில இப்ப ராத்திரி ஒரு மணி. நித்திரை முழிச்சு லைவ் பாக்கிற எங்கட ஆக்களே, துர்கா கை காட்டுறாள்!

அம்மி மிதிச்சாச்சு, அருந்ததியும் பாத்தாச்சு. பட்டப்பகலில, மழை முகிலுக்குள்ள எப்பிடித் தெரிஞ்சதெண்டு ஐயரைக் கேளுங்கோ.

பெரியாக்களுக்காக
துர்கா, சுதன் தம்பதியர் பதினாறு பேறும் பெற்று நீடூழி வாழ்க! (எனக்கு இப்பிடியும் எழுத வரும்.)

அறுகரிசி போட நிக்கிறம். முன்னுக்கு நிக்கிற பெரியப்பா இன்னும் வாழ்த்தி முடிக்கேல்லை. பின்னுக்கு எல்லாருக்கும் பசி.

பந்தியில
கத்தரிக்காய்க் குழம்பு, வடை, பாயாசம் எல்லாம் வந்திட்டுது. பொம்பிளைதான் பட்டினி. ஒரு வடை ஒளிச்சு வச்சிருக்கிறன்டி.

ஃபோட்டோக்காரத் தம்பி, சிரிக்கச் சொல்லாதேங்கோ. காலமையிலயிருந்து சிரிச்சபடிதான் நிக்கிறாள். கன்னம் நோகுதாம்.

கடைசி
கல்யாண வாழ்த்துகள், துர்கா. மாமி வீடு தெகிவளைதானே? சனிக்கிழமை நடந்தே வருவன். இஞ்சித் தேத்தண்ணி போட்டு வை.