"படிச்சு முடிச்சு இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" – நேர்காணலுக்கு எழுதி வைத்த என் பதில்

ஜூனியர் அக்கவுண்டன்ட் வேலை. கோவையில் பம்ப் உதிரிபாக மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனம். 2026 ஜனவரி 8, வியாழன், காலை 10.30. எதிரே ஹெச்.ஆர். மேடமும் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் சாரும் இருப்பார்கள் என்று போனில் சொன்னார்கள். என் பயோடேட்டாவில் 2023 மே மாதத்துக்குப் பிறகு இருக்கும் வெற்றிடத்தைப் பார்த்ததும் கேட்கத்தான் செய்வார்கள். அவர்கள் கேட்டதும் சொல்ல வேண்டியது இது:

"2023 மே மாசம் பி.காம் முடிச்சேன் மேடம். முடிச்ச கையோட டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்க உக்காந்துட்டேன். ஒன்றரை வருஷம் முழுசா அதுக்குத்தான் கொடுத்தேன். 2024 ஜூன்ல குரூப் 4, செப்டம்பர்ல குரூப் 2 முதல்நிலை, ரெண்டும் எழுதினேன். ரெண்டுலயும் தேறல. அந்த வருஷக் கடைசியில, இனி நான் படிச்ச கணக்குதான் என் தொழில்னு முடிவு பண்ணேன். 2025 ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் டேலி பிரைமும் ஜிஎஸ்டியும் கத்துக்கிட்டேன். ஏப்ரல்ல இருந்து எங்க ஊர் ஒட்டன்சத்திரத்துல ஒரு ஹார்டுவேர் கடைக்கு தினமும் மத்தியானம் மூணு மணி நேரம் கணக்கு எழுதறேன். கொள்முதல் பில் ஏத்தறது, பேங்க் ஸ்டேட்மென்ட் சரிபார்க்கறது, டீலருங்க போட்ட பில் எல்லாம் வர்ற GSTR-2B பட்டியலோட மாசா மாசம் ஒத்துப் பாக்கறது, இந்த மூணும் என் பொறுப்பு. முழுநேர வேலைன்னா எனக்கு இதுதான் முதல். அதுக்குத் தயாரா வந்திருக்கேன்."

இவ்வளவுதான். போனில் பதிவு செய்து கேட்டேன், ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. "தேறல" என்ற இடத்தில் முதல் சில தடவை என் குரல் இறங்கியது. அடுத்த வரியை அவசரமாகப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அந்த இடத்தில் ஒரு மூச்சு விட வேண்டும். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "துரதிர்ஷ்டவசமா", "கொஞ்சத்துல போச்சு" எல்லாம் எழுதி வைத்து அடித்துவிட்டேன். எழுதினேன், தேறவில்லை; இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? "சொந்தக் காரணங்களுக்காக இடைவெளி" என்று எழுதச் சொன்னாள் என் தோழி. அப்படிச் சொன்னால் எதையோ மறைக்கிறேன் என்றுதான் எதிரில் இருப்பவருக்குப் படும். நான் எதையும் மறைக்கவில்லை.

இதற்கு மேல் அவர்கள் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவை:

"ஏன் தேறல? சரியா படிக்கலையா?"

"படிச்சேன் சார். குரூப் 4-ல 200 கேள்வி, அதுல 100 தமிழ். தமிழ் எனக்கு நல்லா வந்துச்சு. பொது அறிவுல சறுக்கிட்டேன். நடப்பு நிகழ்வுகளைக் கடைசி ரெண்டு மாசத்துல பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டேன், அது என் தப்பு. பதினஞ்சு லட்சம் பேருக்கு மேல எழுதின பரீட்சை, போட்டி ஜாஸ்திதான். ஆனா அதைக் காரணமா சொல்ல மாட்டேன். அதே போட்டியிலதானே மத்தவங்க ஜெயிச்சாங்க."

"அந்த ஒன்றரை வருஷத்துல எங்களுக்குப் பிரயோஜனமா என்ன கத்துக்கிட்டீங்க?"

"ரெண்டு விஷயம் மேடம். ஒண்ணு, ஒரே இடத்துல ஆறு மணி நேரம் கவனம் கலையாம உக்கார முடியும். எங்க ஊர் நூலகத்துல அப்படித்தான் உக்காந்து படிச்சேன். இன்னொண்ணு, டிஎன்பிஎஸ்சி விடைத்தாள்ல A, B, C, D-க்கு அடுத்து E-ன்னு ஒரு கட்டம் இருக்கும். விடை தெரியலைன்னா அதைக் கருப்பாக்கணும், காலியா விடக்கூடாது. தெரியாததைத் தெரியாதுன்னு குறிக்கிற அந்தப் பழக்கம் இப்ப கடையில உதவுது. பேங்க்ல ஒரு தொகை வந்திருக்கு, யார் போட்டதுன்னு தெரியலைன்னா, ஏதோ ஒரு கஸ்டமர் பேர்ல தள்ளி விட மாட்டேன். சஸ்பென்ஸ்ல வெச்சுட்டு, அன்னைக்கு சாயங்காலமே முதலாளிகிட்ட கேட்டு சரி பண்ணிடுவேன்."

"ஹார்டுவேர் கடை வேலையை அனுபவம்னு எடுத்துக்கலாமா? லெட்டர் இருக்கா?"

"லெட்டர் இல்ல சார். மாசம் 6,000 ரூபாய் கையில கொடுக்கறாங்க. அதனாலதான் பயோடேட்டாவுல வேலை அனுபவம்னு போடாம பயிற்சின்னு போட்டிருக்கேன். ஃப்ரெஷராத்தான் வந்திருக்கேன். ஆனா வேலை நிஜமான வேலை சார். நீங்க என்ன கேட்டாலும் சொல்றேன்."

இதைச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். அவர் கணக்கு தெரிந்தவர், அடுத்து உள்ளே இறங்கிக் கேட்பார். "சரி, 2B-ல என்ன பிரச்சினை பாத்தீங்க, சொல்லுங்க" என்று கேட்டால் பைப் பில் கதை. விற்றவர் தன் விற்பனையைக் காட்டும் ரிட்டர்ன் GSTR-1; அதிலிருந்துதான் நமக்கு 2B வருகிறது. கொள்முதலில் கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழிப்பதுதான் கிரெடிட், அதை மாதாமாதம் 3B ரிட்டர்னில் எடுப்போம். இதை மனப்பாடமாக ஒப்பிக்கக் கூடாது. நடந்ததைச் சொல்வது போலத்தான் வர வேண்டும்.

"போன ஜூன்ல பைப் டீலர் ஒருத்தர்கிட்ட வாங்கின பில், சார். சரக்கு 72,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 12,960, மொத்தம் 84,960. பில் கையில இருக்கு, சரக்கும் குடோன்ல இறங்கிடுச்சு. ஜூலை 14-ந் தேதி ஜூன் மாச GSTR-2B வந்ததும் பாத்தா அந்த பில் மட்டும் இல்ல. முதலாளி, 'பில்தான் நம்மகிட்ட இருக்கே, இந்த மாசமே எடுத்துக்கலாம்'னு சொன்னார். 2B-ல வராம கிரெடிட் எடுக்கக்கூடாதுங்கய்யான்னு சொல்லிட்டு டீலருக்குப் போன் பண்ணேன். அவங்க GSTR-1-ஐ 11-ந் தேதி தாண்டிப் போட்டிருக்காங்க. அதனால அடுத்த மாச 2B-லதான் வரும்னு முதலாளிக்குப் புரிய வெச்சேன். ஜூன் 3B-ல அந்த 12,960-ஐ எடுக்கல. ஜூலை 2B-ல வந்துச்சு, அந்த மாசம் எடுத்தோம். மறந்துடக் கூடாதுன்னு பெண்டிங் பில்லுக்குன்னே தனியா ஒரு எக்செல் ஷீட் போட்டு வெச்சிருக்கேன். இப்ப முதலாளியே மாசா மாசம் அந்த ஷீட்டைக் கேக்கறார்."

சார் இன்னும் ஆர்வமாகக் கேட்டால் செப்டம்பர் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லலாம்.

"செப்டம்பர் 22-ந் தேதி ஜிஎஸ்டி விகிதம் மாறினப்ப சிமெண்ட் 28-ல இருந்து 18 ஆச்சு. முதல் நாள் ஞாயித்துக்கிழமை. கடைக்குப் போயி டேலில சிமெண்ட் குரூப்புக்கு 22-ந் தேதியில இருந்து புது விகிதம்னு தேதியோட மாத்தி வெச்சேன். பழைய பில்லைத் திறந்தா 28-லயே நிக்கணும், அதையும் நாலஞ்சு பில் திறந்து பாத்துக்கிட்டேன். குடோன்ல இருந்த மூட்டைக்கு ஏற்கெனவே 28-ல கட்டின வரி வீணாப் போயிடுமோன்னு முதலாளி பயந்தார். எடுத்த கிரெடிட் அப்படியே இருக்கும், அதை வெச்சே அடுத்த வரியைக் கட்டலாம்னு சொன்னேன். எனக்கே ஒரு சந்தேகம் இருக்கக் கூடாதுன்னு, கடையோட ஆடிட்டர் ஆபீஸ்லயும் கேட்டு உறுதி பண்ணிட்டுதான் சொன்னேன்."

தெரியாதது வந்தால்: "டிடிஎஸ் ரிட்டர்ன் நான் இதுவரைக்கும் கையால செஞ்சதில்ல சார். பாடத்துல படிச்சிருக்கேன். ஒரு தடவை காட்டிக் கொடுத்தீங்கன்னா பிடிச்சுக்குவேன்."

"டிஎன்பிஎஸ்சி மறுபடி எழுதுவீங்களா? ஆறு மாசத்துல லீவு போட்டுட்டுப் போயிட்டா நாங்க என்ன பண்றது?"

மனசுக்குள் இவர்களுக்கு இருக்கிற உண்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். மேலே சொன்ன எல்லாமே இதற்கு முன்னால் சின்னது. ஒன்றரை வருடத்தைக் குறை சொல்வதை விட, ஆள் நிற்பாளா என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள். நியாயமான பயம். அதனால் "எழுத மாட்டேன்" என்ற வெறும் வாக்கை நீட்டக் கூடாது. நடந்ததைக் காட்ட வேண்டும்.

"நியாயமான கேள்வி மேடம். 2025 ஜூலை 12-ந் தேதி குரூப் 4 நடந்துச்சு. வயசு இருந்துச்சு, புத்தகம் எல்லாம் வீட்லதான் இருந்துச்சு. ஆனா நான் விண்ணப்பமே போடல. அதுக்கு அடுத்த வாரம் நான் சொன்ன பைப் பில்லைத் துரத்திக்கிட்டு இருந்தேன். அரசு வேலை வேணும்னு ஆசைப்பட்டது உண்மை. எங்க வீட்ல நான்தான் முதல் பட்டதாரி, அப்பா காய்கறி மார்க்கெட்ல எடை போடறவர், அரசு வேலைன்னா வீட்டுக்கே ஒரு நிம்மதின்னு நெனச்சோம். வீட்டுக்காக மட்டும்னு சொல்ல மாட்டேன், எனக்கும் ஆசைதான். முயற்சி பண்ணேன், முடிச்சுக்கிட்டேன். இந்தக் கணக்கு வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. மாசக் கடைசியில ரெண்டு பக்கமும் பைசா சுத்தமா ஒத்துப் போகும்போது வர்ற திருப்திக்காகவே இதுல நிக்கணும்னு தோணுது."

கடைசி வரியை மிகையாகச் சொல்கிறேனோ என்று யோசித்தேன். இல்லை. அது உண்மை, அதனால் அப்படியே இருக்கட்டும்.

"2025 ஜனவரிக்கு அப்புறம் வேற எங்கயும் முயற்சி பண்ணலையா?"

"பண்ணேன் சார். ஆகஸ்ட்ல இருந்து திண்டுக்கல், மதுரை, கோவைன்னு விண்ணப்பம் போட்டுக்கிட்டு இருக்கேன். மூணு இடத்துல நேர்ல கூப்பிட்டாங்க. ஒரு இடத்துல ரெண்டு வருஷ அனுபவம் வேணும்னு சொல்லிட்டாங்க. மத்த ரெண்டுலயும் பதில் வரல. ஒவ்வொண்ணுக்கும் போயிட்டு வந்து, அங்க எனக்கு எது தெரியலையோ அதை அந்த வாரத்துலயே கத்துக்கிட்டேன். இ-வே பில் போடக் கத்துக்கிட்டது அப்படித்தான்."

மேடம் போனில் முதலில் கேட்டால், அவ்வளவு நேரம் இருக்காது, இந்த மூன்று வாக்கியம் போதும்: "2024 கடைசி வரைக்கும் டிஎன்பிஎஸ்சி எழுதினேன், தேறல. அதுக்கப்புறம் டேலியும் ஜிஎஸ்டியும் கத்துக்கிட்டு 2025 ஏப்ரல்ல இருந்து ஒரு கடைக்குக் கணக்கு பாக்கறேன். முழுநேர வேலைக்கு உடனே வரத் தயார்."

"உடனே" என்பது சரியில்லை. கடையை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. மாற்றி எழுதிக்கொள்கிறேன்: "முழுநேர வேலைக்கு இந்த மாசமே வரத் தயார்."

நேரில் எப்போது சேர முடியும் என்று கேட்டால்:

"21-ந் தேதி புதன்கிழமை சேர்ந்துடறேன் மேடம். கடையோட டிசம்பர் மாச 3B-க்கு 20-ந் தேதிதான் கடைசி நாள். அதை முடிச்சுக் கொடுத்துட்டு, பெண்டிங் பில் ஷீட்டை அடுத்து பாக்கறவங்களுக்கு விளக்கிட்டு வர்றேன்."