சித்தி, மறுவீட்டு சொதிய 55 பேருக்கு கூட்டித் தாங்க

சித்தி, சாப்ட்டாச்சா. போன் அடிச்சேன் எடுக்கல, கோயிலுக்கு போயிருப்பியன்னு இதுல போடுதேன். தங்கச்சி மறுவீட்டுக்கு மாப்ள வீட்டுல 20 பேருன்னு சொல்லியிருந்தாவல்லா, இன்னைக்கு காலைல அவங்க மாமா போன் பண்ணி தூத்துக்குடி சொந்தமும் வாராவ, 55 வச்சுக்கிடுங்கன்னுட்டாவ. அம்மா சமையலுக்கு ஆள் வைக்க சம்மதிக்க மாட்டேங்கா, மறுவீட்டு சொதி நம்ம கையால தான் போடணும்னு ஒரே பிடி, எனக்கும் அதுதான் ஆசை.

நீங்க பொங்கலுக்கு வச்சீங்கல்லா, அதே சொதி, அதே இஞ்சி பச்சடி. அத அப்டியே 55 பேருக்கு கூட்டி எழுதி அனுப்புங்க சித்தி. தேங்கா எத்தன, பாசிப்பருப்பு எவ்ளோ, காய் எவ்ளோன்னு கிலோ கணக்கா சொன்னா போதும். சின்ன உள்ளி, பூண்டும் சேத்து சொல்லிருங்க.

எனக்கு பயமே தேங்காப்பால் தான். காய மூணாம் பால்ல வேக வச்சு கடைசில மொத பால் ஊத்துவீங்கல்லா, பெரிய உருளில அது ஓரத்துல கொதிச்சு நடுவுல சூடே ஏறாம கெடக்கும், கொதிச்சா திரிஞ்சிரும்லா. அடுப்ப அணைச்சுட்டு ஊத்தலாமா இல்ல சிம்ல வச்சு கிண்டிக்கிட்டே ஊத்தணுமா? எலுமிச்சம்பழம் எறக்குன பொறவு தான்னு தெரியும், ஆனா சொதி கூடுற அளவுக்கு பழத்தையும் கூட்டலாமா, புளிப்பு தூக்கிருமோ? பச்ச மொளகா, இஞ்சி, உப்பு இதெல்லாமும் அதே கணக்குல கூட்டிரக் கூடாதுன்னு பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லுதாவ, கொஞ்சம் கொறச்சு போட்டு ருசி பாத்து சேக்கணுமாம். சரிதானா?

இன்னொண்ணு, இவ்ளோ தேங்காய மிக்சில அரச்சா விடிஞ்சிரும், கிரைண்டர்ல ஆட்டி துணில பிழிஞ்சா பால் அதே கெட்டியா வருமா? மொதல்நாள் ராத்திரியே பிழிஞ்சு பிரிட்ஜ்ல வைக்கலாம்னு அம்மா சொல்லுதா, எனக்கு மனசு ஒப்பல, காலைல 4 மணிக்கு எந்திச்சு பிழிஞ்சிரலாம்னு நெனைக்கேன், நீங்க சொல்லுதபடி செய்யுதோம்.

பாத்திரம் வாடகைக்கு எடுக்கணும், உருளி எத்தன லிட்டர்னும் சொல்லிருங்க. ஒரே உருளியா வைக்காம ரெண்டா பிரிச்சு வச்சா நல்லதா? சாப்பாடு 12 மணிக்கு, ரெண்டாம் பந்திக்கும் சூடா இருக்கணும், அத எப்டி திரியாம சூடு பண்ணணும்? சிப்ஸ் கடைல சொல்லியாச்சு, அது கவலையில்ல.

காய் மகாராஜநகர் உழவர் சந்தைல நானே எடுத்துருதேன், முருங்கக்கா மட்டும் பிஞ்சா பாத்து எடுக்கணும். தேங்காக்கடைல நாளைக்கு காலைல 9 மணிக்குள்ள எண்ணிக்கை சொல்லணும்ங்காவ, அதனால அத மட்டுமாவது இன்னைக்கு ராத்திரி ஒரு வாய்ஸ் போட்டு விடுங்க, மத்தத பொறவு சொன்னாலும் சரி. நீங்க சனிக்கெழமயே வந்துருங்க சித்தி, சித்தப்பாவயும் கூட்டிட்டு வாங்க.