பத்தாம் ஆண்டு நிறைவு வாழ்த்து

வணக்கம் மேடம்.

இன்றோடு நீங்கள் கணக்குப் பிரிவில் சேர்ந்து பத்து ஆண்டுகள் நிறைகின்றன. மனமார்ந்த வாழ்த்துகள்.

இந்த வாழ்த்து அட்டையில் எனக்கு மேலே எழுதியிருக்கும் பலரும் உங்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆறு வருடமாக கொள்முதல் பிரிவில் இருந்துகொண்டு, பில்களை மேலே அனுப்புவதும் அவை திரும்பி வந்தால் சரிசெய்து மறுபடி அனுப்புவதுமாகத்தான் உங்களை அறிந்திருக்கிறேன். ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, பில் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் பணம் போகும் என்பது எல்லா ஆபீசிலும் சொல்லப்படுகிற விதி. அவசரம் என்று வந்துவிட்டால் அதில் கொஞ்சம் வளைந்து கொடுப்பதும் பல இடங்களில் வழக்கம். நீங்கள் வளைந்து நான் பார்த்ததில்லை. யார் அனுப்பினாலும், எத்தனை முறை போன் அடித்தாலும் ஒரே பதில்தான். மேனேஜர் கையெழுத்துப் போட்ட வவுச்சரும் என்னுடையதும் ஒரே தட்டில்தான் இருக்கும். அந்த விஷயத்தில் உங்களிடம் ஆளுக்கொரு நியாயம் கிடையாது. இதை நான் மதிக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்த ஒன்றை இங்கே பதிவுசெய்வது சரியாக இருக்கும். ஒரு சப்ளையரின் பில் எங்கள் பிரிவிலிருந்து இரண்டு முறை வந்துவிட்டது. முதல் முறை பில் எண்ணின் நடுவே ஒரு சிறு கோடு இருந்தது. இரண்டாவது முறை அதைப் பதிவுசெய்தவர் அந்தக் கோட்டைப் போடாமல் விட்டுவிட்டார். சிஸ்டத்துக்கு அவை இரண்டு வேறு பில்கள். அது எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை. தேதியும் தொகையும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து, பணம் போவதற்கு முந்தின நாள் மாலை நீங்கள் நிறுத்தினீர்கள். தவறு எங்கள் பக்கம். நீங்கள் அதைப் பெரிதாக்கவில்லை. மறுநாள் காலை பில் எண்ணை எப்படிப் பதிவுசெய்ய வேண்டும் என்று நாலு வரியில் ஒரு மெயில் மட்டும் வந்தது. எங்கள் பிரிவில் புதிதாக யார் சேர்ந்தாலும் இன்றும் முதலில் அந்த மெயிலைத்தான் காட்டுகிறோம். உங்களுக்கு இது தெரிந்திருக்காது.

புதிய மென்பொருளுக்கு மாறிய அந்த மூன்று மாதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே சப்ளையருக்கு இரண்டு மூன்று குறியீட்டு எண்கள் இருந்தன. பழைய பாக்கி எது, புதியது எது என்று எங்களுக்கே குழப்பம். நீங்கள் பழைய லெட்ஜரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுச் சரிசெய்தீர்கள். அது யாரும் கைதட்டுகிற வேலை இல்லை. ஆனால் அந்த வருடத் தணிக்கையில் எங்கள் பிரிவு ஒரு கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

நாம் இருவரும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பார்ப்பவர்கள் இல்லை. மாதக் கடைசியில், குறிப்பாக 25ஆம் தேதிக்குப் பிறகு, இது இன்னும் நன்றாகத் தெரியும். சரக்கு வந்து சேர வேண்டும் என்பது என் கவலை, கணக்கு நேராக இருக்க வேண்டும் என்பது உங்கள் கவலை. இரண்டு பிரிவுகளுக்கும் அவரவர் வேலை அப்படித்தான் அமைந்திருக்கிறது. பேச்சு சில சமயம் நீண்டதுண்டு. ஆனால் எந்த நாளிலும் அது வேலையைத் தாண்டிப் போனதில்லை. அதற்கு உங்கள் பங்கும் காரணம்.

இன்னொன்று. எங்கள் பிரிவிலிருந்து வரும் பில்களுக்கு நீங்கள் கேட்டபடி ஒரு சரிபார்ப்புத் தாள் வைக்க ஆரம்பித்த பிறகு, திரும்பி வருபவை வெகுவாகக் குறைந்திருக்கின்றன. முதலில் நான் அதற்கு அவ்வளவாகச் சம்மதிக்கவில்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

பத்து வருடம் ஒரே இடத்தில், ஒரே கவனத்தோடு வேலை பார்ப்பது சின்ன விஷயம் இல்லை. வரும் ஆண்டுகளிலும் பணி சிறக்கவும், உடல்நலமும் மனநிறைவும் அமையவும் வாழ்த்துகிறேன்.

போன வாரம் திரும்பி வந்த இரண்டு பில்களுக்கும் வரவுச் சீட்டு இணைத்துவிட்டேன். திங்கட்கிழமை காலை உங்கள் மேசைக்கு வந்துவிடும். இன்றைக்கு அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

நன்றியுடன்,
கொள்முதல் பிரிவிலிருந்து