செயல்முறை: உணவு மாதிரியில் புரத நைட்ரஜன் அளவிடல் (கெல்டால் முறை)

பொருந்தும் மாதிரி: கோதுமை மாவு. மற்ற உலர்ந்த தானிய மாவுகளுக்கும் இதே படிகள்தான், கடைசியில் வரும் பெருக்குக் காரணி மட்டும் மாறும். 8 குழாய்கள் கொண்ட செரிப்பு அடுப்புக்காக எழுதப்பட்டது. 2 குழாய் வெற்றுச் சோதனைக்கு, 1 மீட்புச் சோதனைக்கு, மீதி 5 மாதிரிகளுக்கு. இந்த முதல் மூன்றையும் விட்டுவிட்டு 8 மாதிரி ஓட்டலாமே என்று தோன்றும். ஓட்டக் கூடாது.

அடிப்படை

1883இல் யோகான் கெல்டால் கோபன்ஹேகனில் வெளியிட்ட முறையின் எலும்புக்கூடு இன்றும் அப்படியே இருக்கிறது. கொதிக்கும் அடர் கந்தக அமிலம் கரிமப் பொருளைச் சிதைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியம் சல்பேட்டாக மாற்றிவிடும். காரம் சேர்த்தால் அம்மோனியா வெளியேறும். அதை நீராவியோடு வடித்து, போரிக் அமிலத்தில் பிடித்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்க்கிறோம். ஆகவே நாம் அளப்பது நைட்ரஜனை, புரதத்தை அல்ல. யூரியா, மெலமின் போன்றவை கலந்திருந்தால் அவற்றின் நைட்ரஜனும் கணக்கில் ஏறிவிடும். மெலமினில் மூன்றில் இரண்டு பங்கு எடை நைட்ரஜன்தான். 2008இல் சீனாவில் பாலில் அதைக் கலந்தவர்கள் நம்பியது இந்த ஓட்டையைத்தான். நேர்மாறாக, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் இந்த முறையில் முழுதாகக் கிடைக்காது.

கரைசல்கள்

அடர் கந்தக அமிலம், நைட்ரஜன் இல்லாத தரம். ஒரு குழாய்க்கு 7 கிராம் பொட்டாசியம் சல்பேட்டும் 0.8 கிராம் காப்பர் சல்பேட்டும். முன்னது அமிலத்தின் கொதிநிலையை உயர்த்துகிறது, பின்னது வினையூக்கி. 40% சோடியம் ஹைட்ராக்சைடு. 4% போரிக் அமிலம். இதில் புரோமோகிரெசால் பச்சையும் மெத்தில் சிவப்பும் கலந்த நிறங்காட்டி. 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், உலர்த்திய சோடியம் கார்பனேட்டால் தரப்படுத்தியது. புட்டியில் 0.1 என்று எழுதியிருப்பதைக் கணக்கில் போடாதீர்கள்; தரப்படுத்தலில் வந்த எண்ணைப் போடுங்கள். இப்போதைய புட்டி 0.1002. போரிக் அமிலத்தின் செறிவு முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, அது அம்மோனியாவைப் பிடித்து வைத்தால் போதும். அளவைச் சொல்வது ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டுமே.

செரித்தல்

மாவை நன்றாகக் கலக்கி, நைட்ரஜன் இல்லாத தாளில் ஏறத்தாழ 1 கிராம் எடுத்து, 0.1 மில்லிகிராம் வரை எடை எழுதவும். தாளோடு சேர்த்துக் குழாயின் அடியில் இறக்கவும். கழுத்தில் ஒட்டிய மாவுக்கு அமிலம் போய்ச் சேராது, அது செரிக்காமல் நின்றுவிடும். வெற்றுச் சோதனைக் குழாய்களிலும் அதே தாள் போகட்டும்.

உப்பும் வினையூக்கியும் போட்டு, 12 மில்லிலிட்டர் அமிலத்தைக் குழாய்ச் சுவரைச் சுற்றி ஓடவிடவும். எல்லாம் புகை உறிஞ்சும் அறைக்குள். முகக்கவசம், கையுறை, ஏப்ரான் கட்டாயம்.

அடுப்பை எடுத்த எடுப்பில் 420 டிகிரிக்கு ஏற்ற வேண்டாம். மாவு கருகி நுரைத்துக் கழுத்துக்கு வந்துவிடும். முதலில் 200 டிகிரியில் நுரை அடங்கும்வரை வைத்து, அப்புறம் 420க்கு ஏற்றவும். திரவம் தெளிந்து நீலப்பச்சையானதும் வேலை முடிந்தது என்று நினைப்பது எல்லோரும் செய்யும் தவறு. நானும் ஆரம்பத்தில் செய்தேன், ஒரு வாரம் முழுக்கப் புரதம் குறைவாக வந்தது. தெளிந்த பிறகும் பிடிவாதமான சில வளையச் சேர்மங்களில் நைட்ரஜன் மிச்சம் இருக்கும். 420ஐத் தொட்டபின் குறைந்தது 60 நிமிடம் ஓடட்டும். மறுபக்கம், அமிலம் வற்றி உப்பு மட்டும் மிஞ்சும் அளவுக்கு விட்டாலும் நைட்ரஜன் பறந்துவிடும். உறிஞ்சு விசையை அளவோடு வைத்தால் அந்தப் பிரச்சினை வராது.

குழாய்களை எடுத்துக் காற்றில் ஆறவிடவும். கைபொறுக்கும் சூடு வந்ததும் 80 மில்லிலிட்டர் நீரைச் சுவர் வழியே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவும். கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது சேர்த்தால் வெடித்துச் சிதறும். முழுதாக ஆறிவிட்டால் உப்பு கல்லாகிவிடும், அதைக் கரைக்க நேரம் போகும்.

வடித்தல்

கூம்புக் குடுவையில் 30 மில்லிலிட்டர் போரிக் அமிலம் எடுத்து, குளிர்விப்பானின் முனை திரவத்துக்குள் மூழ்கும்படி வைக்கவும். முனை மேலே நின்றால் முதலில் வரும் அம்மோனியா காற்றோடு போய்விடும், அதுதான் அதிகமாக வரும் நேரம். குழாயைக் கருவியில் இறுக்கிப் பொருத்திய பிறகே 60 மில்லிலிட்டர் காரம் சேர்க்கவும். திரவம் அடர் நீலமாகவோ கரும்பழுப்பாகவோ மாறினால் காரம் போதும். பழைய வெளிர்நீலத்திலேயே நின்றால் அமிலம் இன்னும் மிச்சம். இன்னும் 10 மில்லிலிட்டர் சேர்க்கவும்.

நீராவியைத் திறந்து 150 மில்லிலிட்டர் வடிநீர் சேரும்வரை ஓட்டவும். போரிக் அமிலம் சிவப்பிலிருந்து பச்சையாகும். முடிக்கும்போது குடுவையைத் தாழ்த்தி, முனையை வெளியே எடுத்து நீரால் கழுவி, அதற்கப்புறம் நீராவியை நிறுத்தவும். வரிசை மாறினால் குடுவைத் திரவம் பின்னோக்கி உறிஞ்சப்படும், அந்த மாதிரியை முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

தரம்பார்த்தல், கணக்கு

பச்சை மறைந்து முதல் வெளிர் இளஞ்சிவப்பு தெரியும்வரை ப்யூரெட்டிலிருந்து அமிலம் விடவும். வெற்றுச் சோதனையின் நிறத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் கண் ஏமாறாது.

```
%N = 1.4007 × (Vs − Vb) × N / W
```

Vs மாதிரிக்கும் Vb வெற்றுச் சோதனைக்கும் ஆன மில்லிலிட்டர், N அமிலத்தின் நார்மாலிட்டி, W கிராமில் எடை. நேற்றைய ஓட்டம்: எடை 1.0124, மாதிரிக்கு 14.02, வெற்றுக்கு 0.15. நைட்ரஜன் 1.923%. கோதுமைக்கான காரணி 5.70, ஆகவே புரதம் 10.96%. இணை மாதிரி 0.9987 கிராம், 13.85 மில்லிலிட்டர், புரதம் 10.97%. இரண்டுக்கும் இடையே 0.2க்கு மேல் வித்தியாசம் வந்தால் சராசரி எடுக்காமல் திரும்பச் செய்யவும்.

பாலுக்கு 6.38, அரிசிக்கு 5.95. பொதுவான 6.25ஐ இந்தக் கோதுமை மாவுக்குப் போட்டிருந்தால் 12.02% என்று வந்திருக்கும். மாவில் எந்த மாற்றமும் இல்லாமல் 1% புரதம் கூடிவிட்டது, பாருங்கள். அதனால் அறிக்கையில் காரணியையும் எழுதாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

மீட்புச் சோதனை

0.12 கிராம் அம்மோனியம் சல்பேட்டோடு 0.67 கிராம் சர்க்கரை சேர்த்து, மாதிரி போலவே செரித்து வடிக்கவும். நம் அமிலத்துக்கு நிகர அளவு 18.1 மில்லிலிட்டர் வர வேண்டும். 99%க்குக் குறைந்தால் அந்த நாளின் முடிவுகள் எதையும் வெளியிட வேண்டாம். இங்கே நைட்ரஜன் ஏற்கனவே அம்மோனியமாகத்தான் இருக்கிறது, ஆகவே குறைந்தால் கசிவைத் தேடுங்கள்: ரப்பர் அடைப்பு, குளிர்விப்பான் இணைப்பு, வற்றிய குழாய். செரிப்பு சரியா என்பதை இது சொல்லாது. அதற்கு மாதம் ஒருமுறை 0.16 கிராம் டிரிப்டோபேன் வைத்து ஓட்டவும், எதிர்பார்ப்பு 98%. அம்மோனியம் சல்பேட் சரியாக வந்து டிரிப்டோபேன் மட்டும் குறைந்தால், அடுப்பின் வெப்பமானியை முதலில் சந்தேகப்படுங்கள்.