குளுக்கோஸ் தாங்குதிறன் பரிசோதனைக்கு வருமுன்

உங்கள் பரிசோதனை காலை 8 மணிக்கு.

அதற்கு முந்தைய மூன்று நாளும் வழக்கம்போல் சாப்பிடுங்கள். ரிசல்ட் நன்றாக வரட்டும் என்று சாப்பாட்டைக் குறைத்தால் அளவு தப்பாகத்தான் காட்டும்.

முந்தைய இரவு 10 மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அப்புறம் வெறும் தண்ணீர் மட்டும், தாகத்துக்கு ஏற்ப. காலையில் காபி, டீ, சூயிங்கம், புகை எதுவும் கூடாது. சர்க்கரை போடாத காபியும் இதில் அடக்கம். (பலர் தவறுவது இங்கேதான்.)

தினமும் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம். அன்று எதை, எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். ஸ்டீராய்டு எடுத்தால் கட்டாயம் சொல்லுங்கள். காய்ச்சல், சளி இருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளலாம்.

வந்ததும் முதலில் ரத்தம் எடுப்போம். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரை 5 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். சரியாக 2 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். கர்ப்பிணிகளுக்கு 1 மணி நேரத்திலும் ஒருமுறை. அதுவரை உட்கார்ந்தே இருங்கள், நடக்கப் போக வேண்டாம். தலைசுற்றினால் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். வாந்தி எடுத்துவிட்டால் மறைக்காதீர்கள், வேறொரு நாள் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

முடிந்ததும் சாப்பிட ஏதாவது கையோடு எடுத்து வாருங்கள்.