கண் பரிசோதனை முடிவும் தற்காலிக மாற்றுப் பணி வேண்டுதலும்

அனுப்புநர்
மு. செல்வராஜ்,
ஓட்டுநர்,
அரசுப் போக்குவரத்துக் கழகம்,
பொள்ளாச்சி.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
அரசுப் போக்குவரத்துக் கழகம்,
பொள்ளாச்சி.

நாள்: 10.02.2025

பொருள்: வலது கண்ணில் புரை – 20.02.2025 அன்று அறுவை சிகிச்சை – 11.02.2025 முதல் 07.04.2025 வரை வண்டி ஓட்டாத மாற்றுப் பணி கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். நான் நமது கிளையில் 19 ஆண்டுகளாக ஓட்டுநராக இருக்கிறேன். கடந்த 8 ஆண்டுகளாகப் பொள்ளாச்சி – வால்பாறை தடத்தில் ஓட்டி வருகிறேன்.

3-ஆம் தேதி மாலை நம் பணிமனையில் நடந்த கண் பரிசோதனை முகாமில், என் வலது கண்ணை மறுபரிசோதனை செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். 6-ஆம் தேதி கண் மருத்துவமனைக்குப் போய், சொட்டு மருந்து விட்டு முழுப் பரிசோதனையும் செய்துகொண்டேன். இடது கண் 6/9. வலது கண் வெறும் பார்வையில் 6/18, கண்ணாடி போட்டாலும் 6/12-க்கு மேல் வரவில்லை. வலது கண் லென்ஸின் பின்பக்கத்தில் நடுவாகப் புரை விழுந்திருக்கிறது. விழித்திரையிலும் கண் அழுத்தத்திலும் கோளாறு இல்லை. சிவப்பு, பச்சை சரியாகப் பிரித்துச் சொன்னேன். எனக்கு 6 வருடமாகச் சர்க்கரை உண்டு. இந்த வகைப் புரை சீக்கிரம் வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். அறிக்கையின் நகலை இணைத்துள்ளேன்.

6/12 என்றால் பெரிய குறையா என்று தாங்கள் கேட்கலாம். நானும் அதையேதான் மருத்துவரிடம் கேட்டேன். எழுத்துப் பலகையை நிதானமாக உட்கார்ந்து படிப்பது வேறு, எதிர் வெளிச்சத்தில் பார்ப்பது வேறு என்றார். வெளிச்சம் அடித்தால் கண்மணி சுருங்கும். சுருங்கினால் பார்வை முழுக்க அந்த நடுப்புரை வழியாகத்தான் போக வேண்டும். அதனால் வெளிச்சம் கூடக் கூட எனக்குப் பார்வை குறைகிறது.

அவர் சொன்ன பிறகுதான் இரண்டு மாதமாக நடந்ததெல்லாம் எனக்குப் புரிந்தது. இரவு கடைசி நடையில் எதிரே வரும் பைக்கின் ஹெட்லைட் ஒரு புள்ளியாகத் தெரியாமல் பூப்போல் விரியும். அது கடந்து போன பின்னும் இரண்டு, மூன்று விநாடி ரோட்டின் ஓரம் தெரியாது. கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து ஆழியாறு செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் ஊற்றித் துடைத்திருக்கிறேன். நடத்துநர், "அண்ணே, கண்ணாடி சுத்தமாத்தானே இருக்கு" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையில் 40 கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்ட பலகை இருக்கிறது. முன்பெல்லாம் பலகையைப் படித்துவிட்டுத்தான் கியர் மாற்றுவேன். இப்போது கை தானாகவே கியருக்குப் போகிறது, அதற்குப் பிறகுதான் எண் கண்ணில் படுகிறது. வளைவு எங்கே என்று கை அறிந்திருப்பதால்தான் இத்தனை நாள் சமாளித்தேன். வளைவுதான் நேற்று இருந்த இடத்தில் இருக்கும். மழையில் உருண்டு வந்த கல்லோ, ரோட்டைக் கடக்கும் வரையாடோ அப்படி இருக்காது.

இதுவரை என் வண்டியில் கீறல்கூட விழவில்லை. ஆனாலும் முகாமில் எழுதிக் கொடுத்த பிறகு 4, 5 தேதிகளில் பகல் நடைக்கு வண்டி எடுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. முழு அறிக்கை கைக்கு வந்தபின் எடுக்கவில்லை. 7, 8 தேதிகளில் தற்செயல் விடுப்பு, நேற்று வார ஓய்வு.

20-ஆம் தேதி அறுவை சிகிச்சை. அதற்குள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். 20 முதல் 27 வரை மருத்துவ விடுப்புக்குத் தனி விண்ணப்பம் தந்துள்ளேன். அதன்பின் சில வாரங்கள் சொட்டு மருந்து விட வேண்டும்; தூசி, புகை ஆகாது, குனிந்து கனமான பொருள் தூக்கக் கூடாது. ஒரு மாதம் கழித்துத்தான் கண்ணாடி எண் நிலைக்கு வரும் என்கிறார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் மறுபரிசோதனை.

ஆகவே விடுப்பு நாட்கள் போக மீதியுள்ள காலத்துக்கு நேரக் காப்பாளர் அறையிலோ, லாக் ஷீட் கொடுத்து வாங்கும் இடத்திலோ, டீசல் கணக்கு எழுதும் வேலையிலோ என்னைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பகல் பணியாக இருந்தால் நல்லது. டயர் பிரிவும் வண்டி கழுவும் இடமும் மருத்துவர் சொன்ன காரணத்தால் ஒத்துவராது.

பணிமனைக்குள் வண்டி நகர்த்தும் வேலை தரலாம் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். அதையும் தவிர்க்க வேண்டுகிறேன். வேகம் இல்லைதான், ஆனால் மெக்கானிக்குகள் வண்டிக்கு அடியில் காலை நீட்டிப் படுத்திருக்கிற இடம் அது. என் வலது பக்கத்தை நம்பி அங்கே ரிவர்ஸ் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மலைத் தடத்துக்குப் புதிதாக யாரையேனும் போடுவதானால், அறுவை சிகிச்சைக்கு முன் பகல் நடைகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரத் தயார். எந்த வளைவில் எதிரே லாரி வந்தால் ஒதுங்க இடம் இருக்கிறது, மழைக்காலத்தில் எங்கே தண்ணீர் ரோட்டுக்கு வரும், இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் எந்தக் கியரில் பிடித்து வர வேண்டும் என்பதையெல்லாம் காட்டிக் கொடுக்கிறேன். சொல்லிக் கொடுக்க என் கண் போதும்.

ஓட்டாத நாட்களுக்குப் படி கிடைக்காது என்பது தெரியும், அதைக் கேட்கவில்லை. அடிப்படைச் சம்பளமும் பணி மூப்பும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். படி போனாலே வீட்டில் இழுபறிதான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவைக் காட்டி எழுதும்படி நண்பர்கள் சிலர் சொன்னார்கள். அது பணிக்காலத்தில் ஊனமுற்றவர்களுக்கு உள்ள பாதுகாப்பு. எனக்கு இருப்பது சரியாகக் கூடிய புரை, நான் திரும்ப ஸ்டீயரிங் பிடிக்க வேண்டியவன். ஆகவே இதைச் சட்டப்படி கோருவதாக இல்லாமல் வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

ஏப்ரலில் தகுதிச் சான்று வாங்கி வந்ததும், நிர்வாகம் சொல்லும் மருத்துவரிடம் இன்னொரு முறை பரிசோதனைக்குப் போகவும் சம்மதம். முதல் இரண்டு வாரம் சமவெளித் தடத்தில் பகல் நடை கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு மலைக்கு அனுப்பினால் எனக்கும் தைரியமாக இருக்கும். ஒருவேளை பார்வை எதிர்பார்த்தபடி திரும்பாவிட்டால் அதையும் உடனே எழுத்தில் தெரிவிப்பேன்.

நாளைக் காலை 5.40 வண்டிக்கு என் பெயர் இருக்கிறது. அதற்கு மட்டும் இன்றே மாற்று ஓட்டுநரைப் போட்டு உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. செல்வராஜ்

இணைப்பு: முகாம் பரிசோதனைச் சீட்டு, 06.02.2025 கண் மருத்துவ அறிக்கை, அறுவை சிகிச்சைத் தேதிச் சீட்டு – நகல்கள்.